கேமரா கண்ணாடி மாற்றக் கொடுத்தேன், பிளாஸ்டிக்கை ஒட்டித் தந்தார்கள்

போன் கைதவறி விழுந்ததில் பின்பக்கக் கேமராவின் மேல்கண்ணாடியில் விரிசல். உள்ளே லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வீஸ் கடையில், "ஒரிஜினல் கிளாஸ்தான் சார், அரை மணி நேரத்துல ரெடி" என்றார்கள். அப்படியே ஆனது. பளபளவென்றுதான் இருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். இரவில் எடுத்த படத்தில் தெருவிளக்கிலிருந்து குறுக்கே நீளமாக ஒரு ஒளிக்கோடு. துடைத்துவிட்டு எடுத்தேன், அப்போதும் அதே கோடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க மயிரிழைக் கீறல்கள், பெரும்பாலும் மேலிருந்து கீழாக. ஒளி எப்போதும் கீறலுக்குக் குறுக்காகத்தான் சிதறும்; அதனால்தான் கோடு பக்கவாட்டில் நீண்டது. பகல் படங்களில் இது தெரியவே இல்லை. கீறல் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் போகஸில் வராது. நானும் அதனால்தான் இத்தனை நாள் ஏமாந்திருந்தேன்.

திரும்பப் போய்க் கேட்டேன். "பாக்கெட்டில் சாவியோட போட்டிருப்பீங்க." ஆமாம், போட்டிருந்தேன். ஆனால் அந்தப் பதிலிலேயே குட்டு உடைந்துவிட்டது.

கடினத்தன்மையை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1 முதல் 10 வரை. பித்தளைச் சாவி 3, 4 என்ற அளவில் நிற்கும். போன் கண்ணாடி 6 பக்கம். மென்மையான பொருள் கடினமானதைக் கீறாது, ஆகவே சாவியால் நல்ல கண்ணாடியைக் கீற முடியாது. அதைக் கீறுவது பாக்கெட் மூலையில் தங்கும் மணல்தான். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சில போன்களில் வரும் சஃபையர் 9, அதை மணலும் தொடாது. மேலே பூசிய பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு மட்டும் தேய்ந்து கீறல்போலத் தெரியலாம். எனக்கு ஒட்டியது இவை எதுவும் இல்லை, அக்ரிலிக். அது சுமார் 3தான். சாவி என்ன, தூசியோடு சட்டை நுனியால் துடைத்தாலே கோடு விழும்.

கடைசியில் அவர்கள் சொன்ன வைத்தியம்: "டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ங்க, போயிடும்." செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் என்றால் மங்கும், கண்ணாடி என்றால் பூச்சு போகும்.

வேறு கடையில் மாற்றினேன். இந்த முறை ஒட்டும் முன்பே கண்ணாடித் துண்டைக் கையில் வாங்கி, பிரேமுக்குள் மறையும் ஓரத்தில் சாவி நுனியால் ஒரு இழு இழுத்தேன். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது, கடைக்காரர் முகம் மாறியது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் கோடு காணாமல் போனது. அது சாவியிலிருந்து ஒட்டிய உலோகம்தான். பழைய துண்டிலும் அதே மாதிரி இழுத்துத் துடைத்தேன். பள்ளம் அப்படியே நின்றது, நகத்திலும் தட்டியது.