மதிப்பெண் கட்டமா, படிவரிசைத் தாளா? மாணவர் ஆய்வகத் திட்டத்துக்கான இடர் மதிப்பீடு குறித்து ஓர் ஒப்பீடு

மாணவர்களின் திட்டங்களுக்கு எந்த வகை இடர் மதிப்பீட்டுத் தாளை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு எங்கள் ஆய்வகத்தில் என்னிடம் வந்தபோது, இரண்டு வகைகள் பரிசீலனையில் இருந்தன. ஒன்று, ஒவ்வோர் ஆபத்துக்கும் நிகழும் வாய்ப்பை 1 முதல் 5 வரையும், விளைவின் கடுமையை 1 முதல் 5 வரையும் மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் கொடுக்கும் கட்டம். மற்றொன்று, செய்யப்போகும் வேலையைப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் எதிரே என்ன தவறக்கூடும், அதைத் தடுப்பது எது, அந்தத் தடுப்பு வேலை செய்வதை எப்படிச் சோதிப்பது, எதைக் கண்டால் நிறுத்துவது என்று நான்கு பத்திகளை நிரப்பும் தாள். நாங்கள் இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம். எனவே இங்கே முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மதிப்பெண் கட்டம் ஒரே பக்கத்தில் அடங்கும், விரைவில் நிரப்பிவிடலாம், பல திட்டங்களை ஒப்புநோக்கும் குழுவுக்கும் வசதியானது. படிவரிசைத் தாள் நீளமானது, மாணவர்கள் முணுமுணுப்பார்கள். பெருக்கலில் உள்ள குறையும் பலர் அறிந்ததே: அரிதாக உயிரைப் பறிக்கும் மின் அதிர்ச்சிக்கு 1×5, அடிக்கடி நேரும் சிறு கீறலுக்கு 5×1 என்று எழுதினால் இரண்டுக்கும் 5 என்ற ஒரே எண்தான் கிடைக்கும். ஆயினும் இவற்றில் எதுவும் எங்கள் முடிவைத் தீர்மானிக்கவில்லை. திட்டம் நடுவழியில் மாறும்போது எந்தத் தாள் அந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதே தீர்மானித்தது. மாணவர் திட்டம் எழுதிய நாளில் இருந்தபடியே முடிவது அபூர்வம்.

ஒரு மாதிரித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2 லிட்டர் தண்ணீர் கொண்ட எஃகுப் பாத்திரம், அதில் 230 வோல்ட் மின் இணைப்பில் இயங்கும் 500 வாட் ஹீட்டர், மேலிருந்து சுழலும் மோட்டார் கிளறி, வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, அது சொல்லும்போது ஹீட்டரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்னணுச் சுவிட்சான சாலிட் ஸ்டேட் ரிலே. 60 டிகிரி செல்சியஸில் சோதனைக் குழாய்களைச் சூடாக வைத்திருப்பதே நோக்கம். மதிப்பெண் கட்டத்தில் இதற்கு நான்கைந்து வரிகள் வரும். மின் அதிர்ச்சி: எர்த் இணைப்பு, 30 மில்லியாம்ப் கசிவு மின் துண்டிப்பான். சூடான பரப்பு: வெப்பம் தாங்கும் கையுறை, 2×3=6, பச்சை. சுழலும் தண்டு: கையுறை அணியக் கூடாது, 2×3=6, பச்சை.

கடைசி இரண்டு வரிகளும் தனித்தனியே சரியானவை. சேர்த்துப் படித்தால் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆபத்துகளின் பெயரால் பிரித்து எழுதும் தாளில் இந்த முரண் கண்ணில் படாது. ‘சூடான தொட்டியிலிருந்து குழாயை எடுத்தல்’ என்று படியின் பெயரால் எழுதும்போது, கிளறியை நிறுத்தித் தண்டு நின்றதைப் பார்த்த பிறகே கையுறையுடன் கையை நீட்ட வேண்டும் என்ற வரிசை தானாகவே வந்துவிடுகிறது.

இனி மாற்றத்துக்கு வருவோம். சில வாரங்களில், 60 டிகிரி போதவில்லை, 120 டிகிரி வேண்டும் என்று மாணவர்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிலிகோன் எண்ணெயை நிரப்புகிறார்கள். மதிப்பெண் கட்டத்தில் எதுவும் அசையாது: சூடான பரப்பு அப்போதும் சூடான பரப்புதான், கையுறை அப்போதும் கையுறைதான். மிஞ்சினால் கடுமை 3 என்பது 4 ஆகும். 8 வந்தாலும் பல கட்டங்களில் மஞ்சளுடன் முடிந்துவிடும்.

உண்மையில் மாறியிருப்பது வேறு. சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். கட்டுப்பாட்டுக் கருவி நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். வெப்ப இழப்பை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 500 வாட்டில் 2 லிட்டர் தண்ணீர் நிமிடத்துக்குச் சுமார் மூன்றரை டிகிரி ஏறும். 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நிற்கும். தண்ணீர் வற்றுவதற்குள் யாராவது நீராவியைக் கவனித்துவிட வாய்ப்புண்டு. அதே ஹீட்டரில் அதே அளவு எண்ணெய் நிமிடத்துக்குச் சுமார் பத்து டிகிரி ஏறும். 100 டிகிரியில் அதைப் பிடித்து நிறுத்தக் கொதிநிலை என்று ஒன்று இல்லை. அத்துடன், குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டிய சில சொட்டுத் தண்ணீர் 120 டிகிரி எண்ணெயில் விழுந்தால் வெடித்தாற்போல் தெறிக்கும்.

படிவரிசைத் தாளில் இந்த மாற்றத்தை மறைக்க இயலாது. ‘குறி வரை தண்ணீர் நிரப்பு’ என்ற முதல் படியே பொய்யாகிவிடுகிறது. அதற்குக் கீழே, ‘ரிலே சிக்கிக்கொண்டால்’ என்ற வரிக்கு எதிரே எழுதியிருந்த தடுப்பு, ஹீட்டருடன் தொடராக இணைத்து 90 டிகிரியில் மின்சாரத்தை வெட்டும் தனி வெப்பத் துண்டிப்பான். 120 டிகிரியை நோக்கிச் செல்லும்போது அது ஒவ்வொரு முறையும் துண்டித்துவிடும். அப்போது மாணவர்கள் செய்யக்கூடியது எது என்பதை அனுபவமுள்ள எவரும் ஊகிக்கலாம்: இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துத் துண்டிப்பானைத் தாண்டிவிடுவார்கள். இணைப்பைத் திறந்து பார்க்காத வரை அது வெளியே தெரியாது. படிவரிசைத் தாளில் சோதனைப் பத்தி இருப்பதால் அது தெரியவருகிறது. அந்தப் பத்தி கேட்பது, துண்டிப்பான் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை அன்று. கட்டுப்பாட்டுக் கருவியில் இலக்கைத் துண்டிப்பானின் அளவுக்கு மேல் வைத்து, தனி வெப்பமானியைப் பார்த்தபடி அருகில் நின்று, எத்தனை டிகிரியில் மின்சாரம் நின்றது என்று எழுதச் சொல்கிறது. அந்த இடத்தில் ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். குறி போட்டுவிட்டு நகர முடியாது.

தெர்மோகப்பிளுக்கும் இதே கதைதான். கம்பி அறுந்தால் பெரும்பாலான கருவிகள் பிழை காட்டி ஹீட்டரை நிறுத்திவிடும். ஆனால் அறுபடாமல் திரவத்திலிருந்து வெளியே நழுவிவிட்டால், கருவி அறை வெப்பநிலையைப் படித்துவிட்டு முழு வேகத்தில் சூடாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கள் தாளில் ‘தெர்மோகப்பிள் உள்ளது’ என்ற வரியை நீக்கிவிட்டு, அது கிளிப்பால் பிடிக்கப்பட்டு முனை திரவத்துக்குள் இருப்பதை ஹீட்டரைப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்றும், ஐந்து நிமிடத்தில் அளவு ஏறாவிட்டால் நிறுத்த வேண்டும் என்றும் மாற்றினோம்.

தாளின் தலைப்பில் திரவம், அளவு, உச்ச வெப்பநிலை, ஹீட்டரின் வாட், கிளறியின் வேகம் ஆகிய ஐந்தையும் எழுதச் சொல்கிறோம். இவற்றில் ஒன்று மாறினாலும் பழைய கையொப்பம் செல்லாது. இந்த ஏற்பாட்டை மதிப்பெண் கட்டத்திலும் சேர்க்கலாமே என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். சேர்க்கலாம், ஆனால் அங்கே கையொப்பம் செல்லாததாகும், எந்த வரியைத் திருத்துவது என்று மட்டும் தெரியாது.

மதிப்பெண் கட்டத்தை அடியோடு விட்டுவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் பல குழுக்கள் வேலை செய்யும்போது, எந்த மேசைக்கு அருகில் மேற்பார்வையாளர் நிற்க வேண்டும் என்று வரிசைப்படுத்த அது இன்றும் உதவுகிறது. மேலே சொன்னவை மின்சாரம், வெப்பம், சுழலும் பாகங்கள் ஆகியவற்றில் நான் நேரில் கண்டவற்றைச் சார்ந்தவை. வெப்பத்தை வெளியிடும் வேதிவினைகளைப் பெரிய அளவில் செய்யும் திட்டங்களில் எனக்கு அனுபவம் குறைவு. அளவு பெருகும்போது வினையின் வெப்பம் கன அளவுக்கு ஏற்ப ஏறும்; அதை வெளியேற்றும் பரப்போ அந்த வேகத்தில் பெருகாது. இத்தகைய திட்டம் வரும்போது படிவரிசைத் தாளை நிரப்பச் சொல்லிவிட்டு, வினையின் வெப்பக் கணக்கைத் தனிப் பக்கத்தில் வாங்கி, வேதியியல் துறையின் கையொப்பம் கிடைத்த பிறகே சாவியைக் கொடுக்கிறோம்.