எம்.ஆர்.ஐ. அறை வரைபடத்துக்கு 38,500 ரிங்கிட்: இணையத்தில் பொறியாளர் தேடுவோர் தயவுசெய்து படியுங்கள்

வரைபடக் கோப்பை நாங்கள் பதிவிறக்கம் செய்துவிட்டபடியால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று, எங்களுக்குப் பொறியாளரைப் பிடித்துக்கொடுத்த இணையத் தளத்திலிருந்து இன்று காலை பதில் வந்தது. அதைப் படித்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். இழந்த தொகை 38,500 ரிங்கிட். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட மக்கள் முதுகுவலிக்கும் தலைக்காயத்துக்கும் ஸ்கேன் எடுக்க ஈப்போவுக்கு அலையக் கூடாது என்று, இரண்டு டாக்டர்களும் நானும் சேர்ந்து போட்ட முதலீட்டிலிருந்து போன பணம் அது.

பொறியாளர்களையும் வாடிக்கையாளர்களையும் சேர்த்துவைக்கும் இணையத் தளங்களில் அதுவும் ஒன்று. பெயரைச் சொல்லப் போவதில்லை. 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒன்றை வாங்க ஏற்பாடு செய்திருந்தோம். அதற்கான அறைக்கு ரேடியோ அலைத் தடுப்புக் கூண்டு, காந்தத்தின் ஹீலியம் வாயுவை அவசரத்தில் வெளியேற்றும் குவென்ச் குழாய், குளிரூட்டல், மின்சாரம் ஆகிய நான்கையும் ஒருவரே வடிவமைத்துத் தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். வீடியோ அழைப்பில் வந்தவர் நல்ல தமிழில் பேசினார். "அண்ணா, காந்தத்தை எந்தப் பக்கமாக உள்ளே கொண்டுவரப் போகிறீர்கள்? பின் சந்தில் பாரந்தூக்கி நிற்க இடம் இருக்கிறதா?" என்று அவர் முதலிலேயே கேட்டதும், வேலை தெரிந்த ஆள் என்ற நம்பிக்கை எங்களுக்கு வந்துவிட்டது. பதிவுபெற்ற பொறியாளரின் முத்திரையுடன் வரைபடம் வரும் என்று தளத்தின் பக்கத்திலேயே எழுதியிருந்தது. டாக்டர்களும் தலையாட்டினார்கள், முழுத் தொகையையும் கட்டினோம்.

வந்த வரைபடம் பார்க்க மிக அழகாக இருந்தது. இயந்திரம் விற்பவர்களின் பொறியாளர் அதை மேசையில் விரித்தார். மின்சாரத் தாளின் ஓரத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்து, "இதை யார் வரைந்தது?" என்று கேட்டார். அங்கே 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. நம் நாட்டு மும்முனை மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடுத்த தாளில், குளிர்நீர் தரும் சில்லர் இயந்திரத்தின் குழாய்கள் குளிர்காலத்தில் உறைந்துவிடாமலிருக்க வெப்ப நாடா சுற்ற வேண்டும் என்று குறிப்பு. வேறொரு நாட்டு மருத்துவமனைக்கு வரைந்ததை எடுத்து, எங்கள் கட்டடத்தின் சுவர்களை மட்டும் மாற்றி வைத்து 38,500 ரிங்கிட் வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிடப் பயங்கரம் குவென்ச் குழாய். இயந்திரத்தின் காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 பாகைக் குளிரில் மூழ்கியிருக்கும். ஏதேனும் காரணத்தால் அந்தக் குளிர்நிலை குலைந்தால் ஹீலியம் சில நிமிடங்களில் கொதித்துக் கிளம்பும். ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பத்தில் 700 லிட்டருக்கும் மேலான வாயுவாகும். எங்கள் காந்தத்தில் இருக்கப்போவது ஏறக்குறைய 1,500 லிட்டர். அத்தனையும் ஒரே குழாய் வழியாகக் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். குழாய் குறுகலாக இருந்து அழுத்தம் பின்னுக்குத் தள்ளினால், எங்காவது பிளந்து வாயு அறைக்குள் பாயும். நோயாளி மூச்சுவிட வேண்டிய காற்றை அது வெளியே தள்ளிவிடும். உள்பக்கமாகத் திறக்கும் கதவு, அறைக்குள் ஏறிய அழுத்தத்தால் திறக்கவே முடியாமல் போகும். எங்களுக்கு வரைந்த கதவும் உள்பக்கம்தான் திறந்தது.

வரைபடத்தில் அந்தக் குழாய் 18 மீட்டர் நீளம், மூன்று வளைவுகள், தொடக்கம் முதல் முடிவு வரை 200 மில்லிமீட்டர் விட்டம். விற்பவர்களின் பொறியாளர் எங்கள் கண்முன்னே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வளைவும் ஓட்டத்தைத் தடுப்பதில் மூன்று, நான்கு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம் என்பதால், 18 மீட்டரைக் கிட்டத்தட்ட 28 மீட்டராக எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு, வாயு போகப் போகச் சூடேறி விரிவடைவதால் தொலைவில் குழாய் இன்னும் அகலமாக வேண்டும். எத்தனை மீட்டருக்கு எவ்வளவு அழுத்த இழப்பு அனுமதிக்கப்படும் என்பது காந்தம் தயாரித்தவரின் திட்ட நூலில் அட்டவணையாகவே இருக்கிறது. அதன்படி எங்கள் பாதைக்கு 200இல் தொடங்கி 250 ஆகி, கடைசிப் பகுதியில் 300 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. அந்த அட்டவணையை வடிவமைப்பாளர் எங்களிடம் கேட்கவே இல்லை.

குழாயின் வாய் எங்கே வைக்கப்பட்டிருந்தது தெரியுமா? பின் சந்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மாடியிலுள்ள டியூஷன் வகுப்பின் சன்னலுக்கு நேர்க் கீழே. அந்தச் சந்தில்தான் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்துகிறார்கள். தோலைக் கருக்கும் குளிரில் வரும் வாயு கூரைக்கு மேலே, ஆளும் சன்னலும் காற்று உள்ளிழுக்கும் துளையும் இல்லாத இடத்தில்தான் வெளியேற வேண்டும். மழைநீர் புகாத மூடியும், ஓட்டத்தைத் தடுக்காத வலையும் வாயில் இருக்க வேண்டும். நம் ஊர் மழைக்கும், பொந்து கண்ட இடமெல்லாம் கூடு கட்டும் மைனாவுக்கும் இவை இல்லாமல் முடியாது. உள்ளே தேங்கிய நீர் அந்தக் குளிரில் உறைந்தாலே குழாய் அடைபடும். வரைபடத்தில் மூடியும் இல்லை, வலையும் இல்லை.

இதே குழாய்தான் கூண்டையும் கெடுத்திருந்தது. 1.5 டெஸ்லா இயந்திரம் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸில் மிக மெல்லிய சமிக்ஞையைக் கேட்கிறது. அதனால்தான் அறை முழுவதையும் செம்பால் மூடி, வெளி அலைகளை 90 முதல் 100 டெசிபெல் வரை தடுக்கிறார்கள். கூண்டைத் துளைத்துப் போகும் குழாயைச் சுற்றி, கூண்டோடு பற்றவைத்த உலோகக் குழல் வேண்டும். அந்தக் குழல் தன் விட்டத்தளவு நீளத்துக்குச் சுமார் 32 டெசிபெல் தடுக்கும். ஆகவே நீளம் விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு, அதாவது 200 மில்லிமீட்டருக்கு 600. எங்களுக்குக் காட்டியிருந்தது 100. அப்படியே கட்டியிருந்தால் படங்களில் கோடு கோடாக இரைச்சல் விழுந்திருக்கும். முடித்த சுவரை இடித்துத்தான் சரிசெய்திருக்க வேண்டும்.

ஹீலியத்தைக் குளிராக வைத்திருக்கும் கம்ப்ரஸரும் அதற்கான சில்லரும் இரவும் பகலும் ஓட வேண்டியவை. அவற்றை ஜெனரேட்டரில் சேர்க்காமல் சாதாரண விநியோகப் பெட்டியில் இணைத்திருந்தார்கள். இடியும் மழையும் வந்தால் மின்சாரம் போகும் ஊரில் இதை என்னவென்று சொல்வது?

இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினோம். "சிறு திருத்தங்கள்தான் அண்ணா, பார்க்கிறேன்" என்றார். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. தளத்துக்கு எழுதினால், வடிவமைப்பாளரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் பதில் சொல்வதில்லை என்று எழுதினால், புகாருக்கு ஒரு எண் கொடுத்துவிட்டு, வேலை 'முடிந்தது' என்று குறிக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். முத்திரை எங்கே என்று கேட்டதற்கு, அது வேறு கட்டணமாம். 38,500 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, முத்திரைக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பியவர்கள் சொல்லும் பதில் இது!

யாராவது இந்த வேலையில் இறங்கினால், வரைபவரின் பெயரை மலேசியப் பொறியாளர் வாரியத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். குவென்ச் குழாயின் அழுத்தக் கணக்கைத் தாளில் கேளுங்கள், தராவிட்டால் விலகிவிடுங்கள். காந்தம் விற்பவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை கடைசித் தவணையைக் கட்டாதீர்கள். காந்தம் உள்ளே வருவதற்கு முன் கூண்டைச் சோதிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மற்றவற்றைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு இந்த வழக்கு போகுமா என்று விசாரிக்க இப்போது வழக்கறிஞரைப் பார்க்கக் கிளம்புகிறேன்.