மாடிக்கு ஒரு பேஸா, அறைக்கு அறை மாற்றியா? தருமபுரியில் ஒரு சின்ன லாட்ஜின் நியூட்ரல் கணக்கு

மூன்று மாடி, மாடிக்கு நான்கு அறை. தருமபுரி பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற எங்கள் லாட்ஜில் பழைய வயரிங்கைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டி வந்தது. த்ரீ பேஸ் சப்ளையின் ஆர், ஒய், பி என்கிற மூன்று லைனையும் அறைகளுக்கு எப்படிப் பங்கு வைப்பது என்பதில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஊரில் பெரும்பாலும் செய்கிற மாதிரி முதல் மாடிக்கு ஆர், இரண்டாம் மாடிக்கு ஒய், மூன்றாம் மாடிக்கு பி. இன்னொன்று, 101-க்கு ஆர், 102-க்கு ஒய், 103-க்கு பி, 104-க்கு மறுபடி ஆர் என்று அறை நம்பர் வரிசையிலேயே சுற்றிக்கொண்டு போவது. நாங்கள் இரண்டாவதைத்தான் போட்டோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல் வழிக்கு உள்ள நியாயத்தை வயர்மேன் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “மாடிக்கு ஒரு பேஸ்னா ஃபால்ட் கண்டுபிடிக்க ஈஸிண்ணா, ஃபியூஸ் போனா எந்த மாடின்னு பார்த்தாலே தெரியும்.” உண்மைதான். வயரும் குறைவு, ஒரு மாடிக்குள் இரண்டு பேஸ் வராது, வேலையும் சீக்கிரம் முடியும். எல்லா அறையும் எப்போதும் ஒரே அளவு கரண்ட் இழுக்கிற இடமாக இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே தேவையில்லை.

லாட்ஜ் அப்படி இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் படி ஏற மாட்டேன் என்பார்கள். முதல் மாடி நிரம்பின பிறகுதான் மேலே ஆள் போகும். காலை ஆறு மணிக்குக் கீசர் ஓடும்போது, வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரைப் போட்டுப் பார்த்தால் கணக்கு இப்படி வரும்: முதல் மாடியில் இரண்டு கீசர், மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்து ஆர் பேஸில் 20 ஆம்பியர். இரண்டாம் மாடியில் ஒரு கீசரும் மற்றதும் சேர்த்து ஒய் பேஸில் 12. மூன்றாம் மாடியில் டிவி, விளக்கு, மின்விசிறி மட்டும், பி பேஸில் 4.

மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். சமமில்லாதபோது எவ்வளவு வரும் என்பதில்தான் தடுமாற்றம். மூன்றையும் கூட்டி 36 என்பார் ஒருவர். பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து 16 என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. மூன்று கரண்டும் 120 டிகிரி இடைவெளியில் நிற்பதால் அந்தக் கோணத்தோடுதான் கூட்ட வேண்டும். கீசர் மாதிரி வெறும் சூடாக்கும் லோடாக, பவர் ஃபேக்டர் மூன்றிலும் ஒன்றாக இருக்கும்போது அது இந்தச் சூத்திரத்தில் அடங்கிவிடும்:

```
IN = √(R² + Y² + B² − RY − YB − BR)
```

20, 12, 4 போட்டால் உள்ளே 400 + 144 + 16, அதில் 240, 48, 80 கழிந்து 192 மிஞ்சும். அதன் வர்க்கமூலம் 13.9 ஆம்பியர். மூன்றாம் மாடியின் பேஸ் வயரில் போவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நியூட்ரலில் போகிறது.

அதே 36 ஆம்பியரை அறை வரிசைப்படி பிரித்தால்? ஓடுகிற மூன்று கீசரும் பேஸுக்கு ஒன்றாக விழுந்து, சில்லறை லோடும் பரவி, 12, 13, 11 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரத்துக்குள் 3-தான் மிஞ்சும். நியூட்ரலில் 1.7 ஆம்பியர்.

இதைப் பார்த்துவிட்டு, “13.9-ம் பெரிய கரண்ட் இல்லையே, நியூட்ரல் வயரைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் முடிந்தது” என்று எங்கள் பெரியப்பா சொன்னார். வயரை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. இந்த மாதிரி லோடில் நியூட்ரல் கரண்ட் மூன்று பேஸில் பெரியதைத் தாண்டாது. பேஸ் வயர் சைஸே நியூட்ரலுக்கும் இருந்தால் போதும், அதைவிடத் தடிமன்கூட வேண்டாம். ஆனால் நியூட்ரலில் கோளாறு வருவது பெரும்பாலும் வயரின் நடுவில் இல்லை, முனையில். மீட்டர் டெர்மினலில், மெயின் சுவிட்சில், லைனைப் பிரித்து அனுப்புகிற பெட்டியான டிபியின் நியூட்ரல் லிங்கில் இருக்கும் அந்தப் பித்தளை ஸ்க்ரூவில். தினமும் காலையில் சூடாகி, பிறகு ஆறி, வயர் விரிந்து சுருங்கி, பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அலுமினியக் கேபிளை லக் போடாமல் நேராகச் செருகியிருந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். தளர்ந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதனால் இன்னும் சூடாகும். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 192-ஐ 3-ஆல் வகுத்தால் 64. ஒரே ஸ்க்ரூ, ஒரே தளர்ச்சி, ஆனால் மாடிக்கு ஒரு பேஸ் என்கிற வழியில் அந்த முனை 64 மடங்கு அதிகச் சூட்டை வாங்குகிறது. வயரைத் தடிமனாக்கினாலும் இந்த ஸ்க்ரூவின் கதை பெரிதாக மாறாது. நான் அறைவரிசையைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் இந்தப் பராமரிப்புதான்.

அந்த முனை ஒரு நாள் விட்டுப்போனால் என்ன ஆகும்? மூன்று பேஸின் லோடும் நியூட்ரலில் ஒரே புள்ளியில் சந்திக்கிற இணைப்புக்கு ஸ்டார் என்று பெயர். மெயின் நியூட்ரல் அறுந்ததும் அந்த ஸ்டாரின் நடுப்புள்ளி கட்டவிழ்ந்து நகரும். அதிக லோடு உள்ள பேஸ் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். 20, 12, 4 கணக்கில், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 240 வோல்ட் என்று வைத்து, லோடை வெறும் ரெசிஸ்டன்ஸாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். நடுப்புள்ளி 92 வோல்ட் நகர்கிறது. ஆர் பேஸுக்கு 167 வோல்ட், ஒய்க்கு 257, பி-க்கு 323. முதல் மாடியில் கீசர் பாதிச் சூடுகூடத் தராது. அதே நேரம், ஆளே குறைவாக இருக்கிற மூன்றாம் மாடியில் டிவியும் எல்இடி பல்பும் 323 வோல்ட்டில் நிற்கும். கீழே “தண்ணி சூடாகலை” என்ற புகாரும் மேலே டிவி புகைந்தது என்ற புகாரும் ஒன்றாக வந்தால் நியூட்ரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலே ஒவ்வொன்றாக எரிந்து அணைய அணைய அந்தப் பேஸில் லோடு குறையும், வோல்டேஜ் இன்னும் ஏறும்.

12, 13, 11 என்று ஓடும்போது அதே நியூட்ரல் அறுந்தால் மூன்று பேஸிலும் 230-க்கும் 250-க்கும் நடுவில்தான் நிற்கும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் இதை அப்படியே நம்பி உட்கார முடியாது. சீசன் இல்லாத நாளில் 101-இல் மட்டும் ஆள் இருந்தால் லோடு மொத்தமும் ஆர் பேஸில்தான், நியூட்ரலிலும் அதே அளவு கரண்ட்தான். அந்த நேரத்தில் நியூட்ரல் போனால் எந்த வழியில் வயர் இழுத்திருந்தாலும் மற்ற இரண்டு பேஸும் கூரையைத் தொடும். அறைவரிசை பலன் தருவது ஆள் நிறைந்த நாளில். ஸ்க்ரூ சூடேறித் தளர்வதும் அந்த நாளில்தான் என்பதால் எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாவது வழியில் ஒரு கண்ணி இருக்கிறது, அதைத் தெரியாமல் செய்தால் முதல் வழியே மேல். மாடிக்கு ஒரு டிபி வைத்து, மூன்று பேஸும் ஒரு நியூட்ரலுமாக மேலே ஏற்றி, அங்கே பிரிக்கலாம் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். வயர் மிச்சம். ஆனால் அந்த மாடியின் நியூட்ரல் லிங்க் விட்டுப்போனால் நான்கே அறைக்குள் நடுப்புள்ளி நகரும். நான்கு அறையில் சமநிலை எங்கே இருக்கப் போகிறது? ஒருவர் கீசர் போட்டிருப்பார், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மாடிக்கு ஒரு பேஸ் வழியில் மாடி நியூட்ரல் போனால் அந்த மாடி இருட்டாகும், அவ்வளவுதான், எதுவும் எரியாது. அதனால் மாடி டிபி வேண்டாம் என்று விட்டோம். பன்னிரண்டு அறைக்கும் கீழே மெயின் டிபியிலிருந்தே தனித்தனியாகப் பேஸும் நியூட்ரலும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போகின்றன. ஒரு அறையின் நியூட்ரல் போனால் அந்த ஒரு அறை மட்டும் அணையும். மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் முனைகள் எல்லாம் கீழே, கை எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. வயர்ச் செலவு கூடியது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் இரண்டு கட்டுப்பாடு. ஒரு அறைக்குள் ஒரே பேஸ்தான். பக்கத்து அறை லைனை ஒரு பிளக்குக்குக்கூடக் கடன் வாங்கக் கூடாது. ஒரே சுவிட்ச் பாக்ஸில் இரண்டு பேஸ் வந்தால் அங்கே 415 வோல்ட் நிற்கிறது. நியூட்ரலையும் அறைக்கு அறை மாற்றிக் கோர்க்கக் கூடாது, கோர்த்தால் கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். இதற்காக ஒவ்வொரு வயர் முனையிலும் அறை நம்பர் வளையம் மாட்டியிருக்கிறோம். வயர்மேன் பயந்த ஃபால்ட் தேடும் தொல்லை அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஈபி பக்கம் ஒரு பேஸ் போனால் ஒரு மாடி முழுக்க இருட்டாகாமல் எல்லா மாடியிலும் சில அறை மட்டும் போவது வரவேற்பில் இருப்பவருக்கும் வசதி, ஆளை அதே மாடியில் வேறு அறைக்கு மாற்றிவிடலாம்.

எனக்கு அனுபவம் குறைந்த இடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர், மலிவான எல்இடி டிரைவர் மாதிரி லோடுகள் 150 ஹெர்ட்ஸில் மூன்றாவது ஹார்மோனிக் கரண்ட் இழுக்கும். அது மூன்று பேஸிலும் ஒரே திசையில் நிற்பதால் நியூட்ரலில் கழியாமல் கூடும். பேஸுக்கு 3 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் 9, பேஸ் எவ்வளவு சமமாக இருந்தாலும். எங்களிடம் கீசர்தான் பெரிய லோடு, அதனால் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் சென்டர் வைக்கிறவர் மேலே உள்ள சூத்திரத்தை நம்பாமல், ட்ரூ ஆர்எம்எஸ் டாங் டெஸ்டரில் நியூட்ரலையே அளந்து பார்ப்பது நல்லது. அங்கே பெரியப்பா சொன்ன தடிமன் நியூட்ரல் தேவைப்படலாம்.

கேபிள் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 25 சதுர மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கேபிளில் மூன்றரை கோர் என்று கடையில் கொடுப்பார்கள். அந்த அரை கோர்தான் நியூட்ரல், 25-க்கு 16, 50-க்கு 25 என்று சிறிதாக இருக்கும். மோட்டார் ஓட்டுகிற கிரானைட் பட்டறைக்கு அது சரி. லாட்ஜ், மண்டபம் மாதிரி சிங்கிள் பேஸ் லோடு நிறைந்த இடத்துக்கு நான்கு கோரும் சம அளவில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

நியூட்ரல் தெருக் கம்பத்தில் அறுந்தால் இந்த இரண்டு வழிக்கும் வித்தியாசம் கிடையாது. அப்போது தெருவே சேர்ந்து ஒரு ஸ்டார், நம் சமநிலை அதில் கரைந்துவிடும். அதற்கென்று மெயினில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று தனியாகப் போட்டோம். மூன்றில் எந்தப் பேஸ் 270-ஐத் தாண்டினாலும் காண்டாக்டர் விழுந்து நான்கு வயரையும் ஒன்றாகப் பிரிக்கும். நியூட்ரலை மட்டும் தனியாகத் துண்டிக்கிற ஃபியூஸோ சுவிட்சோ எங்கும் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது.