20 வாட் என்று விற்ற டியூப்லைட், மீட்டரில் 11 வாட்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பர்கூர் பக்கத்தில் சின்னதாக ஒரு தையல் கூடம் நடத்துகிறேன். பள்ளிச் சீருடைதான் எங்கள் பிழைப்பு. கிருஷ்ணகிரியில் ஒரு மொத்த விலை எலக்ட்ரிக்கல் கடையில் 30 எல்இடி டியூப்லைட் வாங்கினேன். ஒன்று 260 ரூபாய், மொத்தம் 7,800 ரூபாய். அந்தப் பணம் போனது போனதுதான் என்று இன்று காலைதான் உறுதியாகத் தெரிந்தது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஏமாற்றிய விதத்தை முழுசாகச் சொல்கிறேன். இது ஒரு கடையோடு நிற்கிற வேலை இல்லை.

எங்கள் கூடத்தில் முன்பு இருந்தது பழைய நான்கு அடி டியூப்லைட். சோக், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 50 வாட் போல இழுக்கும். அதை மாற்றலாம் என்று போனபோது முதலில் வாட் கேட்கவில்லை, வெளிச்சம் எவ்வளவு வரும் என்றுதான் கேட்டேன். ஊசியில் நூல் கோக்கிற இடம் அது. “20 வாட் அக்கா, 2000 லூமன் வரும். பழைய டியூபுக்குக் குறையவே குறையாது” என்றார் கடைக்காரர்.

அந்தப் பதிலில் தவறே கிடையாது. பழைய டியூப் 2400 லூமன் போலக் கொடுக்கும், ஆனால் சுற்றிலும் வீசும், மேலே போகிற வெளிச்சத்தில் பாதி வீண். எல்இடி கீழ்ப்பக்கம் மட்டும் வீசுவதால் 2000 லூமன் இருந்தால் மேசையில் அதே வெளிச்சம் விழும். நல்ல எல்இடி டியூப் ஒரு வாட்டுக்கு 100 லூமன் போலக் கொடுப்பதால் 20 வாட்டுக்கு 2000 என்பதும் சரி. ஆக, அது உண்மையிலேயே 20 வாட் டியூபாக இருந்திருந்தால் எனக்கு ஒரு பிரச்சினையும் வந்திருக்காது.

அதனால்தான் “நிஜமா 20 வாட்டா?” என்று திரும்பக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “வாங்க அக்கா, உங்க கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டறேன்” என்று சுவரில் இருந்த டெமோ போர்டுக்குக் கூட்டிப் போனார். அதில் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டுகிற டிஜிட்டல் மீட்டர் பதித்திருந்தது. என் பெட்டியிலிருந்தே ஒரு டியூபை எடுத்து மாட்டினார். 231 வோல்ட், 0.09 ஆம்பியர். கால்குலேட்டரை என் கையில் கொடுத்து, “நீங்களே பெருக்கிப் பாருங்க” என்றார். பெருக்கினேன். 20.79 வந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் பல்பையும் எரியவிட்டிருந்தார். அதன் அருகில் இந்த டியூப் பளீர் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு 9 வாட் பல்பை இலவசமாகவும் பையில் போட்டார். 7,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

மாட்டிய அன்று சாயங்காலமே தையல் போடுகிற பெண்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். “அக்கா, வெள்ளையாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணும் தெரியல.” கருநீலப் பேண்ட் துணிக்குக் கருப்பு நூலா, நீல நூலா என்று பார்க்க வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூடம் முழுக்க ஒரு வெளிறிய வெள்ளை. மேசை மேல் மட்டும் இருட்டு.

இதில் முதல் ஏமாற்று அந்த வெள்ளை நிறம்தான். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தை மட்டும் சொல்கிற கணக்கு. 3000 என்றால் மஞ்சள், 4000 என்றால் இடைப்பட்ட வெள்ளை, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதைச் சொல்வது லூமன் மட்டும்தான். 800 லூமன் டியூபும் 6500 கெல்வினில் வரும், 2000 லூமன் டியூபும் வரும். மஞ்சள் பல்பு பக்கத்தில் வைத்தால் 6500 எப்போதும் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும். அதற்காகத்தான் அந்த மஞ்சள் பல்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், கெல்வின் பெரிய எழுத்தில் இருக்கிறது, லூமன் ஒரு இடத்திலும் இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். “உங்க ஏரியாவில் வோல்ட்டேஜ் கம்மியா இருக்கும் அக்கா” என்றார். வோல்ட்டேஜ் பார்த்தேன், 226 இருந்தது. எல்இடி டியூபுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கிற டிரைவர் என்ற பகுதி, வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிடாது. அதைச் சொன்னதும், “கம்பெனி ஆள் வருவாரு, பாத்துச் சொல்வாரு” என்றார். எந்தக் கம்பெனி, எந்த ஆள்? யாரும் வரவில்லை. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கூடத்தில் இருக்கிற இபி மீட்டரை வைத்தே உண்மையைக் கண்டுபிடித்தோம். யாரும் செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. மீட்டர் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்று எழுதியிருக்கும். அதாவது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். சில மீட்டரில் 1600, 1200 என்று வேறு எண் இருக்கும், உங்கள் மீட்டரில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின், ஃபேன், அயர்ன் பாக்ஸ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 30 டியூபை மட்டும் எரியவிட்டோம். 20 வாட் உண்மையாக இருந்தால் 30 டியூபுக்கு 600 வாட். மணிக்கு 1920 தடவை, நிமிடத்துக்கு 32 தடவை மினுக்க வேண்டும். போனில் வீடியோ எடுத்து எண்ணினால் 18 தடவைதான் மினுக்கியது. நிமிடத்துக்கு 18 என்றால் மணிக்கு 1080, அதை 3200-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்கினால் 337 வாட். 30 டியூபுக்கு 337 வாட் என்றால் ஒன்றுக்கு 11 வாட்டும் கொஞ்சமும்.

அப்படியானால் கடையில் பார்த்த 20.79 எங்கிருந்து வந்தது? காவேரிப்பட்டினத்தில் இருந்து வந்து வயரிங் செய்துகொடுக்கிற தம்பி பிளக்கில் செருகுகிற பவர் மீட்டரைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. அதே டியூபுக்கு அதுவும் 0.09 ஆம்பியர்தான் காட்டியது. ஆனால் வாட் என்கிற இடத்தில் 11.2. பவர் ஃபேக்டர் 0.54. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது வாட் ஆகாது, அதைப் பவர் ஃபேக்டரால் இன்னொரு தடவை பெருக்க வேண்டும். மலிவான டிரைவர் கரண்டைச் சீராக எடுக்காமல் விட்டுவிட்டு வெட்டி வெட்டி இழுக்கும். அதனால் ஆம்பியர் அதிகமாகத் தெரியும், உள்ளே போய் வெளிச்சமாக மாறுகிற மின்சாரமோ அதில் பாதிதான். இபி மீட்டர் நிஜ வாட்டை மட்டும் எண்ணுவதால் அதை ஏமாற்ற முடியாது, அதனால்தான் 18-இல் நின்றது. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் மாதிரியான பொருளுக்கு வெறும் பெருக்கல் சரியாக வரும். எல்இடிக்கு வராது. இது தெரிந்த ஒருவர்தான் அந்த போர்டில் வாட் மீட்டருக்குப் பதிலாக ஆம்பியர் மீட்டரைப் பதித்துவைக்க முடியும். என் கையிலேயே கால்குலேட்டரைக் கொடுத்து என்னையே பெருக்கச் சொன்னதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

இலவசமாகக் கொடுத்த 9 வாட் பல்பையும் செருகிப் பார்த்தோம். 5 வாட். ஒழுங்கான 9 வாட் பல்பு 800 லூமனுக்கு மேல் கொடுக்கும், பழைய 60 வாட் குண்டு பல்புக்குக் குறையாது. இது மாடிப்படிக்குக்கூடக் காணாது.

வேறு கடையில் பெயர் தெரிந்த கம்பெனியின் 20 வாட் டியூப் ஒன்று மட்டும் வாங்கிவந்தோம். பெட்டியில் 2000 லூமன், பவர் ஃபேக்டர் 0.9-க்கு மேல் என்று அச்சடித்திருந்தது. பவர் மீட்டரில் 19.6 வாட். இரண்டு டியூபையும் ஒரே கொக்கியில் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே போனை மேசையில் ஒரே இடத்தில் வைத்து, விழுகிற வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் ஆப்பில் பார்த்தோம். போன் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது, ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது போதும். நல்ல டியூபுக்கு 190, இவர் கொடுத்ததற்கு 98. சரிபாதி. அதாவது அவர் சொன்ன வெளிச்சம் வேண்டுமென்றால் நான் இன்னொரு 30 டியூப், இன்னொரு 7,800 ரூபாய் போட வேண்டும்.

வீடியோவை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். “வாட் கம்மின்னா கரண்ட் பில் கம்மி, உங்களுக்குத்தானே லாபம்?” என்று கேட்டார். நான் காசு கொடுத்தது வெளிச்சத்துக்கு. இருட்டில் உட்கார்ந்தால் பில் இன்னும் குறையும். மாற்றிக் கொடுங்கள் என்றால், “எரியுதில்ல? ஃபியூஸ் போனாத்தான் வாரண்டி” என்றார். பில்லைக் காட்டினேன். அது பில்லே இல்லை, எஸ்டிமேட் என்று போட்ட துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது, 20 வாட் என்ற வார்த்தை கிடையாது. ‘எல்இடி டியூப் 30, 7,800’ என்று மட்டும் இருக்கிறது. “இதுல நாங்க 20 வாட்னு எழுதியிருக்கமா?” என்று அவரே கேட்டார். பழைய ஃபிட்டிங் எல்லாம் ஏற்கெனவே காயலான் கடைக்குப் போய்விட்டது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நாளைக்குக் கொடுக்க வேண்டிய சீருடை பாதி அப்படியே கிடக்கிறது, அதனால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் லூமன் இல்லையென்றால் அதைக் கையில் எடுக்காதீர்கள், வாயால் சொல்கிற லூமன் கணக்கில் சேராது. லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள், 100-க்குப் பக்கத்தில் வரவேண்டும். ரொம்ப மலிவான டியூபில் 150, 160 என்று வந்தால் அந்த அச்சையே சந்தேகப்படுங்கள். பிஐஎஸ் முத்திரையும் R- என்று தொடங்குகிற எண்ணும் இருக்கிறதா பார்த்து, அந்த எண்ணை BIS Care ஆப்பில் போட்டுக் கம்பெனி பெயர் ஒத்துப்போகிறதா பாருங்கள். கடையில் ஆம்பியர் மீட்டரைக் காட்டினால் வாட் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்குவதானால் முதலில் இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து பவர் மீட்டரில் செருகிப் பாருங்கள், மீட்டர் மினுக்கலை எண்ணுவது பத்துப் பதினைந்து டியூப் சேர்ந்து எரிந்தால்தான் துல்லியமாக வரும். ஜிஎஸ்டி பில்லில் வாட், லூமன் இரண்டையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்திருக்கிறேன், அந்தத் துண்டுச் சீட்டும் ஜிபேயில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த 7,800 ரூபாயும் அங்கே எவ்வளவு தூரம் எடுபடும் என்று பார்க்க வேண்டும்.