W-8BEN-E படிவமும் வெண்டர் பதிவும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அமெரிக்காவில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு வேறு நாட்டிலிருந்து வேலை செய்து தரும் சிறு கம்பெனி, வெண்டர் பட்டியலில் சேரும்போது, தான் வெளிநாட்டுக் கம்பெனி என்று அமெரிக்க வரிக்காகக் காட்டும் W-8BEN-E என்ற படிவத்தைக் கட்டாயம் சந்திக்கும். எங்கள் கம்பெனிக்காகவும், கேட்கிற நண்பர்களுக்காகவும் பல வருடங்களாக இதை நிரப்பி வருகிறேன். எட்டுப் பக்கம், முப்பது பகுதி என்று பார்த்ததும் மலைப்பாக இருக்கும். சாதாரண சப்ளையருக்கு அதில் மூன்று நான்கு பகுதிகள்தான் பொருந்தும், மீதியைக் காலியாக விடலாம். எந்தப் பகுதிகள் என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பதிவு எப்படி நகர்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கொள்முதல் பிரிவில் இருப்பவர் உங்களுக்கு ஓர் அழைப்பு மெயில் அனுப்புவார். அதிலிருக்கும் லிங்க் வழியாக SAP Ariba, Coupa போன்ற ஒரு போர்ட்டலுக்குள் போய் கம்பெனி விவரம், வங்கிக் கணக்கு, வரிப் படிவம், இன்ஷூரன்ஸ் சான்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். சமர்ப்பித்ததும் திரையில் ‘Registered’ என்று வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது ‘உங்கள் விவரம் வந்து சேர்ந்தது’ என்பது மட்டும்தான். அதன் பிறகு வரிப் பிரிவு படிவத்தைப் பார்க்கும், இன்னொரு குழு வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும். இரண்டும் முடிந்து வெண்டர் எண் உருவானால்தான் பர்ச்சேஸ் ஆர்டர் வரும். உங்களை அழைத்த கொள்முதல்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வரிப் பிரிவை மீறி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பதிவு நின்றுபோனால் “எப்போது முடியும்?” என்று கேட்பதைவிட “இப்போது யாரிடம் நிற்கிறது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

அடுத்து, எந்தப் படிவம் என்பது. W-9 அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே பதிவான கம்பெனிகளுக்கும் உரியது. வேறு நாட்டில் இருந்துகொண்டு சொந்தப் பெயரில் தனியாகத் தொழில் செய்பவருக்கு W-8BEN. வேறு நாட்டில் பதிவான கம்பெனிக்கு W-8BEN-E. கடைசி ‘E’ ஓர் எழுத்துதான், ஆனால் தனிநபர் தொழில் நடத்துபவர் அதை நிரப்பி அனுப்பினால் பார்த்தவுடனே திருப்பிவிடுவார்கள். இந்தப் படிவங்கள் எதுவும் அமெரிக்க வரித்துறைக்குப் போவதில்லை. உங்களுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் தன் கோப்பில் வைத்துக்கொள்ளும். அது கையில் இருந்தால்தான் வரி பிடிக்காமல் பணம் அனுப்பியதற்கு அவர்களிடம் ஆதாரம் இருக்கும்.

இனி படிவத்துக்குள் போகலாம். முதல் வரியில் கம்பெனி பதிவுச் சான்றில் இருக்கும் பெயர் அப்படியே வர வேண்டும். விசிட்டிங் கார்டில் போடும் வியாபாரப் பெயர் இங்கே கூடாது. நான் பார்த்த நிராகரிப்புகளில் பெரும்பாலானவை இந்தப் பெயரால் வந்தவைதான். பதிவுச் சான்று, உள்நாட்டு வரி எண் சான்று, வங்கிக் கணக்கு, இந்தப் படிவம் என நான்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘Limited’ ஓரிடத்திலும் ‘Ltd’ இன்னோரிடத்திலும் இருந்தால் சில நிறுவனங்கள் விட்டுவிடும், சில விடாது. பதிவுச் சான்றைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுவதே நல்லது.

நான்காவது வரி அமைப்பின் வகை, சாதாரணக் கம்பெனிக்கு ‘Corporation’. ஐந்தாவது வரியில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வங்கிகளையும் முதலீட்டு நிதிகளையும் மனதில் வைத்துப் போட்ட நீண்ட பட்டியல் அது. பொருளோ சேவையோ விற்று வாழும் கம்பெனி பெரும்பாலும் ‘Active NFFE’, அதாவது நிதி நிறுவனம் அல்லாத, தொழில் நடத்தும் வெளிநாட்டு அமைப்பு என்ற பெட்டியில் அடங்கும். வட்டி, வாடகை, டிவிடெண்ட் மாதிரி சும்மா இருந்து வரும் வருமானம் மொத்த வருமானத்தில் பாதிக்கும் குறைவு, அப்படி வருமானம் தரும் சொத்துகளும் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு என்பதே அதன் பொருள். இந்தப் பெட்டியை டிக் செய்தால் பின்னால் Part XXV-க்குப் போய் 39ஆம் வரியிலும் டிக் செய்ய வேண்டும். முன்னால் டிக் செய்துவிட்டுப் பின்னால் விட்டுவிட்டால் படிவம் செல்லாது. படிவத்தின் வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள், நடுவில் நமக்குச் சம்பந்தமில்லாத பக்கங்கள்.

ஆறாவது வரி முகவரியில் தபால் பெட்டி எண் கூடாது. உங்கள் நாட்டு வரி எண் 9b-யில் வரும். கையெழுத்துப் பகுதியில், கையெழுத்திட எனக்கு அதிகாரம் உண்டு என்ற சிறிய பெட்டி ஒன்று இருக்கிறது, அதையும் டிக் செய்ய வேண்டும். தேதி அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். ஆகஸ்ட் 5-ஐ 05-08 என்று எழுதினால் அங்கே அது மே 8. கணினியில் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டால் அது கையெழுத்து ஆகாது. மின்னணுக் கையெழுத்து என்றால் யார், எந்தத் தேதி, எந்த நேரத்தில் இட்டார் என்பது அதிலேயே தெரிய வேண்டும்.

அப்புறம், பணம் சம்பந்தப்பட்ட விஷயம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு அமெரிக்காவில் மூலம் கொண்ட சில வகை வருமானத்தைக் கொடுக்கும்போது 30 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. சேவைக் கட்டணத்துக்கு மூலம் எது என்றால், வேலை எங்கே உட்கார்ந்து செய்யப்பட்டது என்பதுதான். வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருப்பதால் அது அமெரிக்க வருமானம் ஆகிவிடாது. முழு வேலையையும் உங்கள் நாட்டிலேயே செய்தால் அந்த 30 சதவீதம் பொருந்தாது. ஆனால் மென்பொருள் உரிமம் போன்ற ராயல்டி வேறு. அந்த உரிமம் எங்கே பயன்படுத்தப்படுகிறது என்று பார்ப்பார்கள்.

இந்த வித்தியாசம் புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நண்பர் ஒருவரின் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். இயந்திர வரைபடங்கள் போட்டுத் தருவது அவர்கள் வேலை. கூடவே அந்த வரைபட மென்பொருளுக்குள் இயங்கும் ஒரு சிறிய செருகுநிரலுக்கு உரிமமும் தருகிறார்கள். முதல் இன்வாய்ஸ் 10,000 டாலர், ‘வரைபடமும் மென்பொருளும்’ என்று ஒரே வரியில். அதில் 8,000 வரைபட வேலைக்கு, 2,000 உரிமத்துக்கு. வாங்கிய நிறுவனம் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் மொத்தத்தையும் ராயல்டியாக எடுத்துக்கொண்டு 3,000 டாலரைப் பிடித்து 7,000 அனுப்பியது. வாங்குபவரின் வரிப் பிரிவை இதில் நான் குறை சொல்ல மாட்டேன். பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காமல் விட்டால் அதை அவர்கள்தான் கட்ட வேண்டும், அதனால் சந்தேகம் வந்தால் பிடித்துவிடுவார்கள்.

சரிசெய்தது இப்படி. இன்வாய்ஸை இரண்டு வரியாகப் பிரித்தார். வரைபட வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே செய்யப்பட்டது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தார். அதோடு 8,000 டாலர் மீதான பிடித்தம் நீங்கியது. உரிமத்துக்கு, அவர் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இருந்த இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டி Part III நிரப்பினார். 14ஆம் வரியில் எந்த நாட்டில் வசிக்கும் கம்பெனி என்பதும், ஒப்பந்தச் சலுகைக்கு எந்த அடிப்படையில் தகுதி என்பதும் வர வேண்டும். ஒப்பந்தத்தில் ராயல்டியின் வகைக்கேற்ப வெவ்வேறு விகிதங்கள் இருந்தால் 15ஆம் வரியில் எந்தப் பிரிவு, எத்தனை சதவீதம் என்றும் எழுத வேண்டும். இந்தச் சலுகை கேட்கும்போது உங்கள் நாட்டு வரி எண்ணோ அமெரிக்க வரி எண்ணோ படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் நாட்டோடு ஒப்பந்தமே இல்லை என்றால் Part III-ஐத் தொட வேண்டாம், 30 சதவீதம்தான்.

அவர் உடனே கேட்டதால் அதிகமாகப் பிடித்த பணத்தை வாங்கிய நிறுவனமே திருப்பித் தந்தது. பொதுவாக அவர்கள் அடுத்த ஆண்டு மார்ச் 15க்குள், அதாவது பிடித்த வரிக்கான தங்கள் 1042 கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் வரை, இப்படிச் சரிக்கட்ட முடியும். அதைத் தாண்டிவிட்டால் பிடித்ததற்கான 1042-S சான்றை வாங்கி, அமெரிக்க வரி எண் ஒன்றும் எடுத்து, நீங்களே 1120-F என்ற அமெரிக்க வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கேட்க வேண்டும். சிறிய தொகைக்கு அந்தச் செலவே கட்டுப்படியாகாது. அதனால் முதல் பணம் வந்த அன்றே இன்வாய்ஸ் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கமிஷன் என்றால் குறைவு சிறிதாக இருக்கும், சரியாக 30 சதவீதம் குறைந்திருந்தால் அது வரி.

வங்கி விவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கு எண்ணும் எட்டு அல்லது பதினொரு எழுத்துள்ள SWIFT குறியீடும் இருக்கும் வங்கிக் கடிதம் ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். பிறகு கணக்கை மாற்றினால், மெயிலை நம்பாமல் பதிவில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்வார்கள். போலி மெயில் அனுப்பிப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பிவிடும் மோசடிக்கு எதிரான ஏற்பாடு அது. பதிவில் இருப்பது வேலையை விட்டுப் போன ஊழியரின் எண்ணாக இருந்தால் மாற்றம் அங்கேயே நிற்கும்.

கடைசியாகக் காலாவதி. W-8BEN-E பொதுவாகக் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிந்தைய மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். 2025 டிசம்பரில் இட்டது 2028 முடிவோடு போய்விடும், 2026 ஜனவரியில் இட்டது 2029 முடிவு வரை இருக்கும். அவசரம் இல்லாவிட்டால் நான் ஜனவரியில்தான் புதுப்பிக்கிறேன். நடுவில் கம்பெனியின் பெயரோ நாடோ அமைப்போ மாறினால் 30 நாளுக்குள் தெரிவித்துப் புதிய படிவம் கொடுக்க வேண்டும். காலாவதியை நினைவூட்டிப் போர்ட்டல் அனுப்பும் மெயில் முதல் நாள் பதிவு செய்தவரின் முகவரிக்கு மட்டுமே போகும் இடங்களும் உண்டு. அதனால் பதிவு செய்யும்போதே தனிநபர் மெயிலுக்குப் பதில் கணக்குப் பிரிவு முழுவதும் பார்க்கும் பொது மெயிலைக் கொடுத்துவிடுகிறேன்.