பூனையின் படம் மட்டும் வந்தால்: வீட்டுக் கவனிப்பா, மருத்துவரா?

அக்கா மகள் நேற்றிரவு ஒரு படம் மட்டும் அனுப்பினாள்: மணல் தட்டில் முதுகைக் கூனிக் குந்தியிருக்கும் கடுவன் பூனை. மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் ஒரு கேள்வி: "காலையிலிருந்து மூத்திரம் போச்சா?"

வீட்டுக் கவனிப்பு: மணலில் வழக்கம்போல ஈரக் கட்டிகள் இருந்து, பூனை சாப்பிடவும் செய்தால் சரி. செலவில்லை, தண்ணீர் சேர்த்த உணவு கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம்.

மருத்துவர்: மணல் காய்ந்திருக்கிறது, பூனை முக்குகிறது, கத்துகிறது என்றால் நள்ளிரவானாலும் உடனே. குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றச் செலவாகும்தான். ஆனால் அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்கவே கூடாது.

பதில் வராவிட்டால்? கடுவன் என்றால் மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.