காலையில் வீங்கும் கண்: தூக்கமா, அலர்ஜியா, கிட்னியா, தைராய்டா?

முதலில் கருவளையத்தைத் தனியாகப் பிரித்துவிடலாம். வீக்கமே இல்லாமல் கண்ணுக்குக் கீழே கருப்பு மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது பரம்பரை நிறம், அல்லது மெல்லிய தோலுக்கு அடியில் தெரியும் ரத்தக்குழாய். அதை வைத்து கிட்னியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது இமை வீக்கத்தைத்தான்.

இமைத் தோல் மெல்லியது, அடியில் உள்ள திசுவும் தளர்வானது. படுத்திருக்கும்போது உடம்பில் கூடுதலாக உள்ள நீர் அங்கே வந்து தேங்கும். ராத்திரி ஊறுகாய், அப்பளம் என்று உப்பு தூக்கலாகச் சாப்பிட்டாலோ, தூக்கம் கெட்டாலோ காலையில் இமை கனப்பது இதனால்தான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

குழப்பம் வருவது அலர்ஜிக்கும் கிட்னிக்கும் நடுவில், அதுவும் குழந்தைகளிடம். ஐந்து வயதுப் பையன் கண் வீங்கி எழுந்திருக்கிறான். 'தூசு அலர்ஜியாக இருக்கும்' என்று செட்ரிசின் சிரப் கொடுக்கிறார்கள். மதியத்துக்குள் முகம் வடிகிறது, மருந்து கேட்டது என்று நிம்மதி. உண்மையில் சிரப் ஒன்றும் செய்யவில்லை. நிமிர்ந்து நடந்ததில் நீர் காலுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் ஆழமான தடம் இருக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும். சிறுநீரில் கலையாத நுரை நிற்கும். நெஃப்ராடிக் சின்ட்ரோம் என்ற கிட்னிக் கோளாறில் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகிப்போவதால் வருவது இது.

அலர்ஜி என்றால் அரிப்பு இருக்கும். கண்ணைக் கசக்குவான், தும்முவான், மூக்கடைப்பால் கண்ணுக்குக் கீழே நீலம் கலந்த கருமையும் தெரியும். அரிப்போ சிவப்போ இல்லாமல் தினமும் காலையில் இமை வீங்கினால், சிரப்பை மாற்றிப் பார்ப்பதைவிட யூரின் டெஸ்ட் எடுப்பதே சரி. செலவும் குறைவு. புரதம் 3+ என்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

தைராய்டு குறைவில் வரும் உப்பல் வேறு மாதிரி. அது மதியத்திலும் அப்படியே இருக்கும், அழுத்தினால் பொதுவாகக் குழி விழாது. கூடவே குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வறண்ட தோல், புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்வது என்று மாதக்கணக்கில் மெதுவாகச் சேரும். டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயிலும் இமை வீங்கலாம். ஆனால் அங்கே விழி பிதுங்கும், மேல் இமை ஏறி நிற்கும், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.